‘வராதே’ என்றால் எப்போதும் ‘டோன்ட் கம்’ அல்ல: தமிழ் எதிர்மறை வினைகளை ஆங்கிலத்தில் எழுத ஒரு வழிகாட்டி

ஒரு குறும்படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதும் வேலை வந்தது. படம் கைக்கு வரவில்லை, வசனத் தாள்தான் வந்தது. அதில் ஒரு பெரியவர் வாசலில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம் “நாளைக்கு வராதே” என்கிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எழுதிவிட்டேன்:

```
Don't come tomorrow.
```

ஒரு வாரம் கழித்துப் படத்தைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. பையன் தினமும் பெரியவர் வீட்டுக்குப் பேப்பர் படிக்க வருகிறவன். மறுநாள் பேப்பர்காரர்களுக்கு விடுமுறை. “நாளைக்கும் படிக்க வரேன் தாத்தா” என்கிறான் பையன். பெரியவர் குரலில் விரட்டல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அவர் சொன்னது ‘வராது’ என்பதோடு ஏகாரம் சேர்ந்த ‘வராதே’. சரியான வரி இது:

```
But there's no paper tomorrow.
```

எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒன்று பையனுக்கு இட்ட கட்டளை, மற்றொன்று பேப்பரைப் பற்றிய செய்தி. அன்றிலிருந்து எதிர்மறை வினை கண்ணில் பட்டாலே, ‘நாட்’ எங்கே போடலாம் என்று தேடுவதற்கு முன், இங்கே மறுக்கப்படுவது எது என்று கேட்டுக்கொள்கிறேன். செயல் நடக்கவில்லை என்கிறாரா, செய்ய மனமில்லை என்கிறாரா, செய்யாதே என்கிறாரா, செய்யும் கட்டாயம் இல்லை என்கிறாரா? தமிழ் இந்த நான்குக்கும் நான்கு வால் வைத்திருக்கிறது. ஆங்கிலம் அதே வேலையை வேறு இடத்தில், வேறு சொல்லால் செய்கிறது. நான் வேலை செய்யும் வரிசையிலேயே கீழே சொல்கிறேன். ஆங்கில வரிகளைத் திரையில் வருவதுபோலத் தனியே காட்டியிருக்கிறேன்.

படி 1: வினையின் வாலைக் கழற்றிப் பாருங்கள்

‘வர’ என்ற எச்சத்தோடு என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். இல்லை ஒட்டினால் ‘வரவில்லை’, பேச்சில் ‘வரல’. மாட்டு ஒட்டினால் ‘வர மாட்டேன், வர மாட்டான்’. கூடாது, முடியாது, வேண்டாம் என்று தனிச்சொல்லும் வரலாம். இவை எதுவும் இல்லாமல் நடுவில் ஓர் ஆகாரம் மட்டும் நின்றால் ‘வராது, வராத, வராமல், வராதே’. பள்ளியில் எதிர்மறை இடைநிலை என்று படித்த அந்த ஆகாரம்தான் இது.

‘வரவில்லை’யில் காலமும் இல்லை, ஆளும் இல்லை. நான், நீ, அவர்கள், பஸ் எல்லாவற்றுக்கும் அதே வடிவம். ஆங்கிலத்தில் இரண்டையும் சொல்லியே ஆகவேண்டும். அதனால் ‘நான் வரல’ என்ற இரண்டு சொல், முன்பின் வசனத்தைப் பொறுத்து இப்படிப் பிரியும்:

```
I didn't come.        (நேத்து ஏன் காணோம்?)
I'm not coming.       (கிளம்பலாமா?)
```

வசனத் தாளில் ‘நேத்து’, ‘இப்ப’ போன்ற சொல் இல்லையென்றால் முந்தைய கேள்வியைத் தேடிப் போங்கள். காலம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

‘மாட்டு’வுக்கு ஆள் உண்டு: மாட்டேன், மாட்டாய், மாட்டார். எதிர்காலம் என்று பலரும் நினைத்து ‘வில் நாட்’ போட்டுவிடுகிறார்கள். ஆனால் ‘அவர் கறி சாப்பிட மாட்டார்’ என்பது நாளைய விருந்தைப் பற்றிய பேச்சு இல்லை, அவருடைய வழக்கம். அதற்கு ஆங்கிலத்தில் நிகழ்காலம்தான் பொருந்தும்:

```
He doesn't eat meat.
```

அடம் பிடிப்பதாக இருந்தால் மட்டும் ‘வோன்ட்’ சரியாக உட்காரும். இந்த ஓரிடத்தில் இரு மொழியும் அழகாக ஒத்துப்போகின்றன. ‘வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது’ என்கிறோம். உயிரில்லாத வண்டிக்கு ஒரு பிடிவாதத்தை ஏற்றிச் சொல்கிறோம். ஆங்கிலமும் அப்படியே ஏற்றிச் சொல்லும்:

```
The bike won't start.
```

பழைய எழுத்தை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘சொல்லேன்’ என்பது செய்யுளில் ‘சொல்ல மாட்டேன்’. இன்றைய பேச்சில் அதே எழுத்து ‘சொல்லு’ என்ற ஏவலைக் கொஞ்சிக் கேட்பது. அக்கா தங்கையிடம் “என்ன ஆச்சுன்னு சொல்லேன்” என்றால் அதில் எதிர்மறை துளியும் இல்லை.

படி 2: கட்டளையா, எச்சரிக்கையா, வேண்டுகோளா?

எதிர்மறை ஏவலை உருவாக்குவது எளிது. செய எச்சத்தின் கடைசி அகரத்தை நீக்கி ‘ஆதே’ சேர்த்தால் போதும்: போக, போகாதே, நிற்க, நிற்காதே, கேட்க, கேட்காதே. மரியாதைக்கு ‘ஆதீர்கள்’, பேச்சில் ‘ஆதீங்க’. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘போகாதேங்கோ’. ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு ‘டோன்ட்’ இருக்கிறது. அதனால் மரியாதை எங்கே போகும் என்ற கவலை வரும்.

பலர் உடனே ‘ப்ளீஸ்’ சேர்க்கிறார்கள். அப்பாவிடம் மகள் “போகாதீங்கப்பா” என்று அழுகிறாள். அதில் ‘ப்ளீஸ்’ நுழைத்தால் அலுவலகக் கடிதம்போல் ஆகிவிடும். மரியாதையை ‘டோன்ட்’டில் தேடாமல் உறவுச்சொல்லில் வையுங்கள்:

```
Don't go, Appa.
```

‘அப்பா’ என்ற சொல்லைத் ‘டாட்’ ஆக்காமல் விடுவதும் இதற்காகவே. பார்வையாளருக்கு அந்தச் சொல் பத்து நிமிடத்தில் பழகிவிடும். கடைக்காரர் வாடிக்கையாளரிடம் “கோவிச்சுக்காதீங்க” என்றால் அது வேறு. அங்கே மரியாதை அந்நியருக்கு உரியது, ‘ப்ளீஸ்’ பொருந்தும்.

சுவரில் எழுதும் ‘ஆதீர்’ தனி வகை. ‘எச்சில் துப்பாதீர்’, ‘புகைபிடிக்காதீர்’, ‘சுவரொட்டி ஒட்டாதீர்’ எல்லாம் யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது இல்லை. இத்தகைய பலகைகளில் ஆங்கிலம் பெரும்பாலும் மறுப்பை வினையிலிருந்து எடுத்துப் பெயர்மேல் வைத்துவிடும்:

```
No spitting
No smoking
Stick no bills
```

இனி, நான் அதிகம் தடுமாறிய இடம். ‘விழாதே’ என்று யாரும் சொல்வதில்லை, ‘விழுந்துடாதே’ என்றுதான் சொல்கிறோம். ‘மறக்காதே’யைவிட ‘மறந்துடாதே’ அதிகம் காதில் விழுகிறது. நடுவில் நுழைந்திருப்பது ‘விடு’ என்ற துணைவினை. விழுவதும் மறப்பதும் ஒருவர் நினைத்துச் செய்வதல்ல, தவறி நடப்பது. அந்தத் தவறுதலைத்தான் ‘விடு’ சுமக்கிறது. வெறும் ‘டோன்ட் ஃபால்’ என்று எழுதினால், வேண்டுமென்றே விழப்போகிறவனைத் தடுப்பதுபோல் இருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு வேறு அமைப்பு உண்டு:

```
Careful, you'll fall.
Mind you don't fall.
```

முதல் வரியில் எதிர்மறையே இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழில் ‘ஆதே’ செய்த வேலையை அங்கே ‘கேர்ஃபுல்’ செய்கிறது. அதே ‘விடு’, நினைத்துச் செய்யும் வினையோடு வந்தால் இன்னொரு பொருள் தரும். “அவன்கிட்ட சொல்லிடாதே” என்றால், நீ சொல்லக்கூடிய ஆள்தான் என்ற சந்தேகமும் கலந்திருக்கிறது. அதற்கு:

```
Don't you go telling him.
```

படி 3: கூடாது, வேண்டாம், வேண்டியதில்லை

நான் திருத்தக் கொடுக்கப்பட்ட வரிகளில் மீண்டும் மீண்டும் பார்த்த பிழை இதில்தான். தமிழில் ‘வேண்டும்’ என்பதன் மறுப்பு இரண்டாகப் பிரிகிறது. ‘நீங்கள் வரக் கூடாது’ என்றால் தடை. ‘நீங்கள் வர வேண்டியதில்லை’ என்றால் கட்டாயம் இல்லை, வந்தாலும் சரி. ஆங்கிலத்தில் ‘மஸ்ட்’ என்பதற்கு நேரே ‘நாட்’ சேர்த்தால் தடை மட்டுமே வரும். கட்டாயமின்மைக்கு வேறு சொல் வேண்டும்:

```
You mustn't come.
You don't have to come.
```

திருமண அழைப்பில் “அன்பளிப்பு கொண்டுவர வேண்டியதில்லை” என்பதை முதல் வரியின் அமைப்பில் எழுதினால், பரிசோடு வந்தவர் வாசலில் குற்றவாளிபோல் நிற்பார்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ‘வேண்டாம்’. அதன் பொருள் சொல்பவரும் கேட்பவரும் யார் என்பதைப் பொறுத்தது. மருத்துவர் நோயாளியிடம் “நாளைக்கு நீங்க வர வேண்டாம்” என்றால் கட்டாயம் இல்லை என்று பொருள், நோயாளிக்கு நிம்மதி. சண்டை முடிந்து அண்ணன் தம்பியிடம் “என் வீட்டுக்கு நீ வர வேண்டாம்” என்றால் கதவை அடைப்பது. ஒரே வினை, ஒரே வால்.

```
You needn't come in tomorrow.
I don't want you in my house.
```

எது என்று கண்டுபிடிக்க நான் ஒரு சோதனை செய்வேன். ‘வேண்டாம்’ இருக்கும் இடத்தில் ‘வேண்டியதில்லை’யைப் போட்டுப் படிப்பேன். மருத்துவர் வசனத்தில் எதுவும் மாறவில்லை. அண்ணன் வசனத்தில் கோபம் செத்துவிடுகிறது. கோபம் செத்தால் அது தடை.

இதில் மூன்றாவது வகையும் உண்டு. “பயப்பட வேண்டாம்”, “சிரமப்பட வேண்டாம்” என்பவை ஆறுதலும் உபசாரமும். இவற்றுக்கு ‘நீட் நாட்’ எழுதினால் குளிர்ந்துபோகும். ‘டோன்ட் வொரி’, ‘டோன்ட் ட்ரபிள் யுவர்செல்ஃப்’ என்று ஏவலாகவே விட்டுவிடுங்கள். இலங்கை வசனங்களில் ‘ஏலாது’ வந்தால் அது ‘முடியாது’. ‘கூடாது’ அல்ல.

படி 4: ஏவலுக்கு முன்னால் ஒரு ‘ஆமல்’ நின்றால்

“மறக்காம வா” என்ற வசனத்தில் ஏவல் உடன்பாடு, எதிர்மறை முன்னால் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘வித்தவுட் ஃபர்கெட்டிங்’ என்று எழுதினால் இலக்கணப்படி குற்றம் இல்லை, ஆனால் அப்படி யாரும் பேசமாட்டார்கள். எதிர்மறை அங்கே ஏவலுக்கே தாவிவிடும்:

```
Don't forget to come.
```

“விழாம பிடிச்சுக்கோ”, “சிந்தாம ஊத்து”, “சத்தம் போடாம வா” எல்லாம் இதே குடும்பம். இவற்றில் பாதிக்கு ஆங்கிலம் எதிர்மறையைக் கைவிட்டு உடன்பாடாகவே சொல்லும்: இறுக்கப் பிடி, பார்த்து ஊற்று, அமைதியாக வா என்று. ‘வித்தவுட்’ என்பதை நான் கடைசி வழியாகத்தான் எடுக்கிறேன்.

‘பேசாம’ என்ற சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். “பேசாம ஆட்டோவுல போயிடலாம்” என்பதில் பேச்சும் இல்லை, மௌனமும் இல்லை. இதுவே நல்லது, வேறு யோசனை வேண்டாம் என்பது பொருள்.

```
We might as well take an auto.
```

“சும்மா பேசாம இரு” என்பதில் மட்டும் அது உண்மையான மௌனம். கூடவே வருவது ‘இரு’வா, வேறு வினையா என்று பார்ப்பது பெரும்பாலும் கைகொடுக்கும்.

படி 5: இரண்டு எதிர்மறை வந்தால்

முதலில், இரண்டுபோல் தோன்றினாலும் இரண்டாக இல்லாததை ஒதுக்கிவிடுவோம். ‘யாரும் வரவில்லை’யில் எதிர்மறை ஒன்றுதான். ‘யாரும்’ என்பதற்கு மறுப்பு கிடையாது, வினையில் மட்டும் இருக்கிறது. ஆங்கிலமும் ஒன்றோடு நிறுத்தும், ஆனால் பெயர்மேல் வைக்கும்:

```
Nobody came.
```

பெயரிலும் வினையிலும் இரண்டு முறை மறுத்தால் பொருள் தலைகீழாகிவிடும். அதேபோல் ‘எல்லாரும் வரல’ என்பதை ‘ஆல் டிட் நாட் கம்’ என்று எழுதாதீர்கள். சிலர் வந்தார்களா, ஒருவருமே வரவில்லையா என்று அந்த வரியிலிருந்து தெரியாது. தமிழில் ஒருவரும் வராவிட்டால் ‘யாரும் வரல’ என்போம், ‘எல்லாரும் வரல’ என்றால் பெரும்பாலும் சிலர் குறைகிறார்கள்:

```
Not everyone came.
```

‘ஒண்ணும்’ என்ற சொல்லும் ஏமாற்றும். “நான் ஒண்ணும் சாப்பிடல” என்றால் எதையும் சாப்பிடவில்லை. “நான் ஒண்ணும் பயப்படல” என்றால் எதற்கும் அஞ்சாத வீரன் என்று பொருள் இல்லை. நீ நினைக்கிறாயே, அது தப்பு என்று மறுப்பது. “அவன் ஒண்ணும் டாக்டர் இல்ல” என்பதிலும் அப்படித்தான்:

```
I'm not scared, you know.
It's not as if he's a doctor.
```

இனி உண்மையான இரட்டை எதிர்மறை. “அவன் வராம இருக்க மாட்டான்” என்பதில் ஆமல் ஒன்று, மாட்டான் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று அழித்து ‘வருவான்’ என்று ஆகிறது, ஆனால் வெறும் ‘வருவான்’ இல்லை. வரமாட்டானோ என்று யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார், அவருக்குப் பதில் இது. அந்த உறுதி ஆங்கிலத்திலும் வர வேண்டும்:

```
He's bound to come.
```

“அழாம இருக்க முடியல” என்பதற்கு ‘குட் நாட் நாட் க்ரை’ என்று எழுத முடியாது. ஆங்கிலத்தில் இதற்கென்றே ‘ஹெல்ப்’ என்ற வினை இருக்கிறது:

```
I couldn't help crying.
```

மூன்றாவது வகைதான் கடினம். “எனக்குத் தெரியாம இல்ல.” கணக்குப்படி ‘தெரியும்’. ஆனால் பேசுபவர் ‘தெரியும்’ என்று சொல்ல விரும்பவில்லை. தெரிந்தும் ஏதோ ஒன்று தடுக்கிறது, அடுத்து ஓர் ‘ஆனா’ வரப்போகிறது. சொல்பவர் பாதி ஒப்புக்கொள்கிறார், மீதியை வைத்துக்கொள்கிறார். இதை ‘ஐ நோ’ என்று சுருக்கினால் அந்த மீதி தொலைந்துபோகும்.

```
It's not that I don't know, but...
```

இது நீளம் என்று தோன்றினால் ஆங்கிலத்தின் ‘டூ’வைப் பயன்படுத்துங்கள். “அவனுக்கு வருத்தம் இல்லாம இல்ல” என்பதை இப்படி எழுதலாம்:

```
He does feel bad about it.
```

அந்த ‘டஸ்’மேல் அழுத்தம் விழும்போது, மறுத்து வந்த ஒப்புதல் என்பது காதுக்குப் புரிகிறது. ‘நாட் அன்அவேர்’ போன்ற சொற்கள் கட்டுரைக்குச் சரி, கிராமத்துக் கிழவியின் வாயில் வராது. அதற்காகக் கிராமத்துப் பேச்சு என்று காட்ட அமெரிக்கப் பேச்சுவழக்கின் ‘ஐன்ட் நோ’ பாணியைக் கடன் வாங்குவதையும் நான் ஏற்கமாட்டேன். அந்தப் பேச்சு வேறு மக்களின் வரலாற்றோடு வருகிறது. நம் ஊர்க் கிழவியின் வாயில் வைத்தால் இரண்டு பேரையும் பொய்யாகக் காட்டும்.

“அவரைத் தெரியாதவங்க ஊர்ல இல்ல”, “அவ நினைக்காத நாள் இல்ல” போன்றவற்றில் ஆங்கிலத்துக்கு இரண்டு வழி. ‘எல்லாருக்கும் தெரியும்’ என்று நேராகச் சொல்வது ஒன்று, இரட்டையை அப்படியே வைத்துக்கொள்வது மற்றொன்று. உணர்ச்சி கனமாக இருக்கும் வசனத்தில் இரட்டையை வைப்பேன்:

```
Not a day goes by without her thinking of him.
```

கடைசியாக, இரண்டு வினையில் ஒவ்வோர் எதிர்மறை. “அப்பா வராம நான் சாப்பிட மாட்டேன்.” இங்கே தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தில் ‘அன்டில் ஹி டஸ் நாட் கம்’ என்று வந்துவிடுகிறது. ‘அன்டில்’, ‘அன்லெஸ்’, ‘வித்தவுட்’ என்ற மூன்றுக்குள்ளும் ஏற்கெனவே ஓர் எதிர்மறை இருக்கிறது. அவற்றோடு இன்னொரு ‘நாட்’ சேர்ந்தால் கணக்கு ஒன்று கூடிவிடும்.

```
I won't eat until Appa comes.
I won't go unless you come.
```

எண்ணிச் சரிபார்ப்பது

இதற்காக நான் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறேன். தமிழ் வசனத்தில் எதிர்மறைகளை எண்ணுங்கள். ஆங்கில வரியிலும் எண்ணுங்கள், ‘அன்டில்’, ‘அன்லெஸ்’, ‘வித்தவுட்’, ‘நோபடி’, மேலே அழுகையோடு வந்த ‘ஹெல்ப்’ ஒவ்வொன்றையும் ஒன்று என்று கொண்டு. இரண்டு பக்கமும் ஒற்றைப்படையாகவோ, இரண்டு பக்கமும் இரட்டைப்படையாகவோ இருக்க வேண்டும். ‘யாரும் வரல’ ஒன்று, அதன் ஆங்கிலமும் ஒன்று. ‘அப்பா வராம சாப்பிட மாட்டேன்’ இரண்டு, ஆங்கிலமும் இரண்டு. ‘வராம இருக்க மாட்டான்’ இரண்டு, ‘பவுண்ட் டு கம்’ சுழி. இரண்டும் இரட்டைப்படைதான், சரி.

இந்தக் கணக்கு பொய்க்கும் இடங்களும் உண்டு. ‘பேசாம’ வழக்காக வரும்போது அது எதிர்மறையே இல்லை, எண்ணக் கூடாது. ‘கேர்ஃபுல்’ போன்ற எச்சரிக்கையில் ஆங்கிலம் மறுப்பை விழுங்கிவிடும். எதிர்மறைக் கேள்விக்கான பதிலில் ‘ஆமாம்’ என்பது கணக்கைக் குழப்பும். “சாப்பிடலையா?” என்று கேட்டால் நாம் “ஆமா, சாப்பிடல” என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் பதிலின் முதல் சொல், கேட்டவர் சரியா என்று பார்ப்பதில்லை, நடந்ததா என்றுதான் பார்க்கும். நடக்கவில்லை என்றால் ‘நோ’தான்.

ஒரு காட்சி, முழுதாக

பேத்தி பெட்டியோடு கிளம்புகிறாள், இரவு ரயில். பாட்டி அடுக்களை வாசலில். ஏழு வசனம்:

“சாப்பிடாம கிளம்பிடாதே.”
“எனக்கு ஒண்ணும் வேண்டாம் பாட்டி.”
“நேத்து ராத்திரியும் சாப்பிடலையா?”
“ஆமா, சாப்பிடல.”
“உங்கம்மா என்னைக் கேக்காம இருக்க மாட்டா.”
“சரி, கொஞ்சமா போடு. ரயிலுக்கு நேரமாச்சுன்னு சொன்னா நீ...”

பாட்டி இடைமறிக்கிறாள்: “பேசாம உக்காந்து சாப்பிடு.”

முதல் வசனத்தில் ஆமல், விடு, ஆதே மூன்றும் இருக்கின்றன. எதிர்மறை இரண்டு. ‘விடு’ இருப்பதால் நீ அப்படிச் செய்யக்கூடியவள் என்ற சந்தேகமும் உண்டு. ‘போகாதே, சாப்பிடாதே’ என்று இரண்டு தடையாகப் பிரித்துவிடக் கூடாது. பாட்டி தடுப்பது போவதை அல்ல, சாப்பிடாமல் போவதை. அதனால் ஆங்கிலத்தில் இரண்டு எதிர்மறையும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

```
Don't you go off without eating.
```

32 எழுத்து. சப்டைட்டிலில் பொதுவாக ஒரு வரிக்கு 42 எழுத்துவரை இடம் தருகிறார்கள், தாராளமாக அடங்கும்.

இரண்டாவதில் ‘ஒண்ணும்’ உண்மையாகவே ‘எதுவும்’ என்ற பொருளில் வருகிறது. பாட்டி சோற்றைப் பற்றிப் பேசுகிறாள், பேத்தி அதை மறுக்கிறாள். ‘வேண்டாம்’ இங்கே துணைவினை இல்லை, முழு வினை, ஆசை இல்லை என்பது பொருள். எதிர்மறை ஒன்று.

```
I don't want anything, Paatti.
```

மூன்றாவதில் ‘உம்’ இருக்கிறது. எதிர்மறையோடு வரும் ‘உம்’முக்கு ஆங்கிலத்தில் ‘ஆல்ஸோ’ போட்டால் ஒட்டாது, ‘ஐதர்’ வேண்டும். நான்காவதில் ‘ஆமா’ திரும்பி ‘நோ’ ஆகிறது.

```
You didn't eat last night either?
No, I didn't.
```

இந்த ‘நோ’வைப் பார்த்துத் தமிழ் தெரிந்த தயாரிப்பாளர் ஒருவர், அவள் ‘ஆமா’ என்றல்லவா சொல்கிறாள், தப்பாக எழுதியிருக்கிறீர்களே என்று கேட்கக்கூடும். என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ‘யெஸ், ஐ டிட் நாட்’ என்று மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். படத்தைப் பார்க்கும் வெளியூர்க்காரர் அந்த இடத்தில் ஒரு நொடி நின்று, சாப்பிட்டாளா இல்லையா என்று குழம்புவார். அடுத்த வசனம் அதற்குள் போய்விடும்.

ஐந்தாவது இரட்டை எதிர்மறை. உன் அம்மா கேட்பாள் என்பது செய்தி. நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது உள்ளே இருக்கும் மிரட்டல். வெறும் எதிர்காலத்தில் எழுதினால் மிரட்டல் போய்விடும்.

```
Your mother is bound to ask me.
```

ஆறாவதில் எதிர்மறை இல்லை. கடைசி ‘பேசாம’வில்தான் நான் நெடுநேரம் உட்கார்ந்தேன். கூட வருவது ‘உக்காந்து சாப்பிடு’, அதனால் வழக்குப் பொருளாக இருக்கலாம். ஆனால் பேத்தி அப்போதுதான் வாயைத் திறந்து சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாட்டி அதை வெட்டுகிறாள். அதனால் உண்மையான மௌனத்தையும் கேட்கலாம். வசனத் தாளில் இதற்கு விடை இல்லை. ஒலியைக் கேட்டேன். பாட்டி ‘பேசாம’ என்பதை அழுத்தி, ஒரு கணம் நிறுத்தி, பிறகுதான் ‘உக்காந்து’ என்கிறாள். அழுத்தமும் நிறுத்தமும் இருப்பதால் அது மௌனம்தான்:

```
Stop talking. Sit down and eat.
```

அந்த நிறுத்தம் இல்லாமல் ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் இதை எழுதியிருப்பேன்:

```
Just sit down and eat.
```